பொருள்: முன்மொழிவு மதிப்பீட்டுக் கூட்டம் – தேதிக்கு முன்னால் நலமுரண் பட்டியல், வெள்ளிக்குள் பதில் வேண்டும்

8 ஜூன் 2026, சேலம்

ஆறு பேருக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலைப் பகுதி ஆய்வு நிதிக்கு இந்த முறை 14 முன்மொழிவுகள் தகுதி பெற்று வந்திருக்கின்றன. காபியில் தண்டுத் துளைப்பான் பற்றி மூன்று, மிளகு, நிழல் மரங்கள், ஏற்காட்டு ஓடைகளின் தண்ணீர், திருமணிமுத்தாறு, வெள்ளைக்கல் சுரங்கக் கழிவு மேட்டில் மரம் வளர்ப்பது என்று கலவையாக இருக்கிறது. ஒன்றுக்கு அதிகபட்சம் 8 லட்சம், கையில் இருப்பது மொத்தம் 40 லட்சம். ஐந்தாறு பேருக்குத்தான் கொடுக்க முடியும், மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லும்போது காரணமும் சொல்ல வேண்டும். கூட்டம் எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் நலமுரண். தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் எதைப் படிக்கக் கூடாது என்று தெரியாமல் படிக்கவும் பிரித்துக் கொடுக்க முடியாது, எந்த நாளில் யார் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்றும் சொல்ல முடியாது. அதனால் இந்த மின்னஞ்சலோடு வரும் கோப்பில் முன்மொழிவுகள் இல்லை. தலைப்பு, முதன்மை ஆய்வாளர், இணை ஆய்வாளர்கள், கூட்டு நிறுவனம், களம் எந்த எஸ்டேட் அல்லது எந்த ஊர் என்பது மட்டும் இருக்கும். இணை ஆய்வாளர் பெயர்களையும் கடைசி வரை பாருங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'உண்டு', 'இல்லை', 'சந்தேகம்' என்று எழுதி ஜூன் 12 வெள்ளி மாலை 5 மணிக்குள் எனக்கு மட்டும் அனுப்புங்கள், எல்லோருக்கும் பதில் போட வேண்டாம்.

எது நலமுரண்? உங்கள் நிறுவனத்திலிருந்து வந்த முன்மொழிவு, உங்களிடம் முனைவர் பட்டம் முடித்தவர் அல்லது உங்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் (எத்தனை வருடம் ஆனாலும்), கடந்த மூன்று வருடத்தில் சேர்ந்து கட்டுரை எழுதியவர், ஆலோசனைக்குப் பணம் கொடுத்தவர், உறவினர், ஆய்வு நடக்கப்போகும் தோட்டத்தில் உங்களுக்கோ வீட்டாருக்கோ பங்கு. இதெல்லாம் சந்தேகமே இல்லாமல் 'உண்டு'. பகையும் இதில் சேரும். ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்றால் அவர் முன்மொழிவை நீங்கள் படிக்காமல் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது, காரணத்தை எனக்கு விளக்கவும் வேண்டாம். ஆனால் ஆளைத் தெரியும், ஒரே கருத்தரங்கில் பேசினோம், அவர் பெண் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்தோம் என்பதெல்லாம் நலமுரண் ஆகாது. ஆகும் என்று வைத்தால் சேலத்தில் இந்தக் கூட்டத்துக்கு ஆளே கிடைக்க மாட்டார்கள். நடுவில் நிற்பதற்கு 'சந்தேகம்' போட்டு ஒரே வரி எழுதுங்கள், தலைவரும் நானும் பேசி முடிவு செய்கிறோம்.

'உண்டு' என்று எழுதினால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்கப் போவதில்லை. என்னுடையதையே சொல்லிவிடுகிறேன்: பட்டியலில் 11-ஆவது முன்மொழிவின் இணை ஆய்வாளர் என் சகலை. அந்தக் கோப்பை நான் தொட மாட்டேன், பிரித்துக் கொடுப்பதிலிருந்து கடிதம் போவது வரை கணக்கு அலுவலர் பார்த்துக்கொள்வார். கூட்டத்தில் அது வரும்போது நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பேன். உங்களுக்கும் அதே விதிதான்: அறையை விட்டு வெளியே வர வேண்டும், இணையத்தில் இருந்தால் காத்திருப்பு அறைக்குப் போக வேண்டும். உள்ளே உட்கார்ந்து பேசாமல் மட்டும் இருப்பது போதாது, ஏனென்றால் நீங்கள் எதிரில் இருக்கும்போது மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியே போன நேரமும் திரும்பி வந்த நேரமும் குறிப்பில் பதிவாகும், அந்த மதிப்பெண் உங்கள் தாளில் இருக்காது.

இதே காரணத்துக்காகத்தான் ஏற்காட்டில் கூட்டம் வைக்கலாம் என்ற யோசனையை விட்டுவிட்டோம். விருந்தினர் மாளிகை இலவசமாகத் தருகிறோம் என்று சொன்ன எஸ்டேட், ஒரு முன்மொழிவில் கள நிலமாக இருக்கிறது. ஜூலையில் மலை மேல் குளிர் சுகம்தான், என்ன செய்வது. ஐந்து ரோடு பக்கம் நம் அலுவலக மாடியிலேயே வைத்துக்கொள்வோம்.

அப்புறம் தேதி. கையில் இருப்பவை மூன்று: ஜூலை 9 வியாழன், ஜூலை 11 சனி, ஜூலை 14 செவ்வாய். 17-ஆம் தேதி ஆடி பிறந்துவிடும், அதற்குப் பிறகு கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே தயாராகும், அந்த நாட்களில் ஒரு நாளைப் பிடிப்பது கஷ்டம். போனில் பேசிய வரை, மண்ணியல் சாருக்கு 9-ஆம் தேதி தர்மபுரியில் வாய்மொழித் தேர்வு இருக்கிறது, 11 சனிக்கிழமை என்பதால் அரசுத் துறையிலிருந்து வரும் இருவருக்கும் விடுமுறை போய்விடும். எனக்கு 14 தான் சரியாகப் படுகிறது. அன்று அமாவாசை, விரதம் இருப்பவர்கள் முன்பே சொல்லுங்கள், சாப்பாடு எப்படியும் சைவம்தான். மூன்று தேதிக்கும் 'முழு நாள்', 'அரை நாள்' (எந்த அரை என்றும்), 'முடியாது' என்று எழுதுங்கள். 'பார்க்கலாம்' என்று எழுதினால் 'முடியாது' என்றே எடுத்துக்கொள்வேன். ஆறில் நான்கு பேராவது இருக்க வேண்டும், அதோடு ஒவ்வொரு முன்மொழிவுக்கும் அதைப் படித்த மூவரில் இருவராவது அறையில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் தேதியை முடிவு செய்யும். ஜூன் 16 செவ்வாய் அன்று தேதியும் நீங்கள் படிக்க வேண்டிய முன்மொழிவுக் கட்டும் ஒன்றாக வரும்.

படிக்கும் நேரம்: 14 முன்மொழிவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர், ஆக 42 வாசிப்பு, தலைக்கு 7. நலமுரண் வந்தால் சிலருக்கு 6, சிலருக்கு 8 ஆகலாம், அதற்கு மேல் யாருக்கும் ஏற்ற மாட்டேன். ஒன்று 12 பக்கமும் பட்ஜெட் தாளும். நிதானமாகப் படித்துக் குறிப்பு எழுத ஒன்றரை மணி நேரம் ஆகும், முதல் ஒன்றிரண்டுக்கு இன்னும் கூட, ஆக மொத்தம் பதினோரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் தருகிறேன்: ஜூலை 7 செவ்வாய் இரவுக்குள் மதிப்பெண்ணும் குறிப்பும் வந்தாக வேண்டும். கடைசி இரவில் ஏழையும் படித்தால் ஏழாவது ஆளுக்குக் கிடைப்பது நம் தூக்கக் கலக்கம்தான், வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கேள்வியின் தேவை, முறை, குழுவின் திறன், பட்ஜெட் என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. வெறும் எண் போதாது, தலைப்புக்கு இரண்டு வரியாவது எழுதுங்கள், கிடைக்காதவருக்குப் பெயர் இல்லாமல் அந்த வரிகள்தான் போகும். கூட்டத்துக்கு முன் ஒருவருக்கொருவர் போன் போட்டு 'நீங்க எவ்வளவு போட்டீங்க' என்று கேட்க வேண்டாம். மாணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூடாது.

கூட்ட நாளில் காலை 10 மணிக்கு உட்காருகிறோம். கால் மணி நேரம் நலமுரண் பட்டியலை மறுபடி வாசிப்போம், படித்த பிறகுதான் தெரிந்தது என்று யாராவது சொல்ல இருந்தால் அப்போது சொல்லலாம். 10.15-க்கு முதல் முன்மொழிவு, ஒன்றுக்கு 20 நிமிடம்: முதல் வாசகர் ஐந்து நிமிடம் சொல்வார், மற்ற இருவர் சேர்ப்பார்கள், பிறகு எல்லோரும். மதியத்துக்கு முன் ஏழு, நடுவில் டீ, 12.45-க்குச் சாப்பாடு. 1.30-க்கு மீதி ஏழு, 4 மணிக்கு வரிசைப்படுத்தல், 4.45-க்கு முடித்துவிடலாம். அதிகம் பேர் வெளியே போக வேண்டிய முன்மொழிவுகளை டீ, சாப்பாட்டு இடைவேளையை ஒட்டி வைக்கிறேன், இல்லையென்றால் நாள் முழுக்கக் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும்.

பெங்களூரு மேடம் இணையம் வழியாகச் சேரலாம். ஏற்காட்டிலிருந்து வருபவர் தயவுசெய்து நேரில் இறங்கி வாருங்கள், மழை நாளில் மேலே கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் கடக்க வேண்டாம், கார் அனுப்புகிறேன், எத்தனை மணிக்கு என்று மட்டும் பதிலில் எழுதுங்கள்.

ஒருங்கிணைப்பாளர்
ஆய்வு நிதிப் பிரிவு, சேலம்