கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தும் அவகாசத்தை 30 நவம்பர் 2026 வரை நீட்டிக்கக் கேட்டு

தேதி: 06-04-2026

கிளை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: 4417 என முடியும் கல்விக் கடன் கணக்கு – தேர்வு முடிவு தாமதமாக வந்ததால் மொரட்டோரியம் நீட்டிப்புக் கோரிக்கை

வணக்கம் சார்,

உங்கள் கிளையில் 2021 ஆகஸ்டில் நான்கு வருட இன்ஜினியரிங் படிப்புக்காக கல்விக் கடன் வாங்கியிருக்கிறேன், அப்பா இணை விண்ணப்பதாரர். சாங்ஷன் கடிதப்படி, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். படிப்பு 31 மே 2025 அன்று முடியும் என்று அன்றைக்குக் கணக்கு வைத்ததால் மொரட்டோரியம் இந்த மே 31-ஆம் தேதியோடு முடிகிறது, முதல் இ.எம்.ஐ. ஜூன் 10. இதை 30 நவம்பர் 2026 வரை நீட்டித்து, முதல் தவணையை டிசம்பர் 10-க்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

காரணம் இதுதான். கடைசி செமஸ்டர் தேர்வுகளை 2025 மே மாதமே எழுதி முடித்துவிட்டேன். வழக்கமாக ஜூலையில் முடிவு வந்துவிடும். இந்த முறை ஒரு பேப்பரின் விடைத்தாள் திருத்தத்தில் பிரச்சினை வந்து எங்கள் பிரிவு மாணவர்கள் எல்லோருடைய முடிவையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் மற்ற பேப்பர் எல்லாவற்றுக்கும் நேராக மதிப்பெண் இருக்கும், அந்த ஒரு வரியில் மட்டும் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இருக்கும், மாதக்கணக்கில் அதே வரிதான். மறுபடியும் திருத்தி முடிவு வெளியானது 28 ஜனவரி 2026-ல். தேர்ச்சி பெற்றுவிட்டேன். எனக்கு எந்த அரியரும் இல்லை, மறுதேர்வும் எழுதவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், போனில் பேசியபோது உங்கள் கிளையில் ஒருவர் 'ஃபெயிலாகி லேட் ஆச்சா?' என்றுதான் முதலில் கேட்டார்.

முடிவு தாமதமானதில் வேலையும் தள்ளிப்போனது. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வான நிறுவனம் 2025 செப்டம்பரில் சேரச் சொல்லியிருந்தது, ஆனால் புரொவிஷனல் சான்றிதழ் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆஃபர் கடிதத்திலேயே அந்த நிபந்தனை இருந்தது. நல்ல வேளையாக ஆஃபரை ரத்து செய்யாமல் அடுத்த பேட்சுக்கு மாற்றியிருக்கிறார்கள். 6 ஜூலை 2026 அன்று சேர வேண்டும். முதல் மூன்று மாதம் பயிற்சிக் காலம், அப்போது கிடைப்பது உதவித்தொகை மட்டும், அது தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும். முழுச் சம்பளம் கைக்கு வருவது அக்டோபர் கடைசியில். நவம்பர் வரை கேட்பதற்கு இதுதான் கணக்கு.

போனில் பேசியபோது இன்னொன்றும் சொன்னார்கள், சிஸ்டத்தில் ஏற்கெனவே தேதி ஏறிவிட்டது, மாற்ற முடியாது என்று. சாங்ஷன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் இருப்பது 'படிப்பு முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம்' என்ற வாசகம்தான். 31 மே 2025 என்பது கடன் கொடுக்கும்போது உத்தேசமாகப் போட்ட தேதி. பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் புரொவிஷனல் சான்றிதழில் நான் தேர்ச்சி பெற்ற மாதம் ஜனவரி 2026 என்றுதான் இருக்கிறது. அந்த மாதத்தைப் படிப்பு முடிந்த நாளாக எடுத்துக்கொண்டால் ஒரு வருட அவகாசம் 2027 ஜனவரி வரை வரும். நான் அவ்வளவு கேட்கவில்லை, சம்பளம் வர ஆரம்பித்த பிறகு சும்மா தள்ளிப்போட எனக்கும் விருப்பமில்லை. கிளை அளவில் இதை முடிவு செய்ய முடியாது என்றால், தயவுசெய்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள், அனுப்பிய தகவலை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், போதும்.

அவகாசம் நீண்டாலும் வட்டி நிற்காது என்று தெரியும். இப்போது தனிவட்டியாக ஏறிக்கொண்டிருப்பது மொரட்டோரியம் முடியும் நாளில் அசலோடு சேர்ந்து, அந்த மொத்தத்துக்குத்தான் இ.எம்.ஐ. போடுவார்கள். ஆறு மாதம் கூடினால் அந்தத் தொகையும் கூடும். அதனால் மே மாதத்திலிருந்து நவம்பர் வரை அந்தந்த மாத வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுகிறேன். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், அதில் வருவதோடு அப்பா கொஞ்சம் போட்டால் வட்டிக்குச் சரியாக இருக்கும். ஜூலையில் வேலைக்குப் போனதும் டியூஷன் நின்றுவிடும், அப்புறம் வரும் மாதங்களுக்கு இப்போதே கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் முழு இ.எம்.ஐ. இப்போதைக்கு முடியாது. அப்பாவுக்கு ஏற்கெனவே வீட்டுக் கடன் தவணை போய்க்கொண்டிருக்கிறது, இதையும் அவர் தலையில் ஏற்றினால் இரண்டில் ஒன்று தவறும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும், என் கிரெடிட் ஸ்கோரோடு இணை விண்ணப்பதாரர் என்பதால் அப்பாவுடையதும் அடிவாங்கும். வேலை கையில் இருக்கும்போது வெறும் தேதி பொருந்தாததால் அந்த நிலைமைக்குப் போவதில் வங்கிக்கும் லாபமில்லை.

நீட்டிப்புக் கொடுத்தால் கடைசித் தவணைத் தேதியும் ஆறு மாதம் தள்ளிப்போகுமா, அல்லது அதே தேதிக்குள் முடிக்கும்படி இ.எம்.ஐ. உயருமா? கடைசித் தேதியும் தள்ளிப்போவதுதான் எனக்கு வசதி, இருந்தாலும் இரண்டு விதத்திலும் தவணை எவ்வளவு வரும் என்று போட்டுக் கொடுத்தால் பார்த்துச் சொல்கிறேன். இன்னொரு சந்தேகம், இந்த நீட்டிப்பை கிரெடிட் பீரோவுக்கு எப்படித் தெரிவிப்பீர்கள்? 'மறுசீரமைக்கப்பட்ட கடன்' என்று பதிவானால் பிற்காலத்தில் வேறு கடன் வாங்கும்போது கேள்வி வரும். படிப்பு முடிந்த தேதியைத் திருத்தியதாகவே பதிவு செய்ய வழி இருந்தால் அப்படியே செய்துவிடுங்கள்.

ஜூன் 10-ஆம் தேதி தவணைக்கான ஆட்டோ டெபிட்டை இந்தக் கோரிக்கை முடிவாகும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் அந்தச் சேமிப்புக் கணக்கில் அன்றைக்கு அவ்வளவு பணம் இருக்காது, பவுன்ஸ் ஆனால் அபராதமும் சேரும், அதைத் திரும்ப வாங்க இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது பற்றிக் கல்லூரி முதல்வர் கொடுத்த கடிதம், 28 ஜனவரி தேதியிட்ட மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் சான்றிதழ், பணியில் சேரும் தேதி மாற்றப்பட்ட நிறுவனத்தின் கடிதம், சாங்ஷன் கடித நகல், அப்பாவின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அசல்களைச் சரிபார்க்க வேண்டுமானால் சொல்லுங்கள், அப்பாவும் நானும் சேர்ந்தே வந்து கையெழுத்துப் போடுகிறோம். மே 15-க்குள் எழுத்தில் பதில் கிடைத்தால் நல்லது, மறுப்பதாக இருந்தாலும் காரணத்தோடு எழுத்திலேயே கொடுங்கள். இந்தக் கடிதத்தின் இரண்டாவது பிரதியில் கிளை முத்திரையும் பெற்றுக்கொண்ட தேதியும் போட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி சார்.

இப்படிக்கு,
செ. கவிதா
(கடன்தாரர்)

மு. செல்வம்
(இணை விண்ணப்பதாரர்)