குளிர்நீர்ச் சுற்று: பிளேட் எண்ணிக்கைச் சுருக்கமும் மூன்றாம் மாதிரியின் மாசு குறித்த குறிப்பும்

பெறுநர்: குளிர்நீர்ச் சுற்றுப் பராமரிப்புப் பொறுப்பாளர்
அனுப்புநர்: நுண்ணுயிரியல் ஆய்வகம்
மாதிரி எடுத்ததும் பிளேட்டில் இட்டதும்: மார்ச் 10
எண்ணியது: மார்ச் 13

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபுரத் தொட்டி நீரிலும் (அ) வடிகட்டி வெளிவாய் நீரிலும் (ஆ) கிடைத்த எண்ணிக்கைகளை நம்பி நீங்கள் நடவடிக்கை எடுக்கலாம். இரண்டுமே உங்கள் நடவடிக்கை வரம்பான 1,00,000-ஐத் தாண்டிவிட்டன. நிரப்புநீர்த் தொட்டியின் (இ) எண்ணிக்கையை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதிரியை நீர்க்கப் பயன்படுத்திய திரவத்தில் மாசு இருந்திருக்கிறது. மறு மாதிரி தேவை.

மூன்று மாதிரிகளும் குளோரின் முறிக்கும் தயோசல்பேட் இட்ட பாட்டில்களில் வந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் 1 மிலி மாதிரியை 9 மிலி நீர்ப்புத் திரவத்தில் கலந்து, நீர்த்தல் ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 மிலி எடுத்து, பிளேட் கவுண்ட் அகாரின் மேல் பரப்பினோம். நீர்த்தலுக்கு இரண்டு பிளேட்கள். 30 °C-ல் 72 மணி நேரம். 30 முதல் 300 வரை காலனி உள்ள பிளேட்களையே கணக்குக்கு எடுத்தோம்.

| மாதிரி | நீர்த்தல் | பிளேட் 1 | பிளேட் 2 |
|---|---|---|---|
| அ | 10⁻² | எண்ண இயலாது | எண்ண இயலாது |
| அ | 10⁻³ | 168 | 184 |
| அ | 10⁻⁴ | 15 | 19 |
| ஆ | 10⁻¹ | எண்ண இயலாது | எண்ண இயலாது |
| ஆ | 10⁻² | 276 | 288 |
| ஆ | 10⁻³ | 31 | 35 |
| இ | 10⁻¹ | 79 (மஞ்சள் 21) | 88 (மஞ்சள் 24) |
| இ | 10⁻² | 28 (மஞ்சள் 23) | 34 (மஞ்சள் 26) |
| இ | 10⁻³ | 25 (மஞ்சள் 25) | 23 (மஞ்சள் 22) |

அ: வரம்புக்குள் வருவது 10⁻³ மட்டும். சராசரி 176. பரப்பியது 0.1 மிலி என்பதால் அதையும் வகுத்தலில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் விடை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

176 ÷ (0.1 × 10⁻³) = 17,60,000; அதாவது மிலிக்கு 1.8 × 10⁶ சிஎஃப்யூ.

10⁻⁴ பிளேட்கள் வரம்புக்குக் கீழே இருப்பதால் கணக்கில் சேரவில்லை. ஆனால் அவற்றின் சராசரியான 17-ஐ வைத்துப் பார்த்தாலும் 1.7 × 10⁶ வருகிறது. இரண்டு நீர்த்தல்களும் ஒத்துப்போவதால் நீர்த்தல் வரிசை சரியாகவே போயிருக்கிறது. 10⁻⁴-இன் இரண்டாம் பிளேட் ஓரத்தில் பூஞ்சைக் காலனி ஒன்று இருந்தது. அது எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை.

ஆ: இங்கே இரண்டு நீர்த்தல்கள் வரம்புக்குள் வருகின்றன. ஆகவே நான்கு பிளேட்களின் மொத்தத்தையும் எடுத்து, பிளேட்டில் உண்மையில் போய்ச் சேர்ந்த மாதிரியின் அளவால் வகுத்தோம்.

(276 + 288 + 31 + 35) ÷ (0.1 × 2.2 × 10⁻²) = 630 ÷ 0.0022 ≈ 2,86,000. அதாவது மிலிக்கு 2.9 × 10⁵ சிஎஃப்யூ.

2.2 என்பது 10⁻² பிளேட்கள் இரண்டும், பத்தில் ஒரு பங்கு மாதிரியே உள்ள 10⁻³ பிளேட்கள் இரண்டும் சேர்ந்தது. கோபுரத் தொட்டியோடு ஒப்பிட்டால் வடிகட்டியின் வெளிவாயில் சுமார் 84% குறைவு. கேட்க நன்றாக இருந்தாலும் இது பத்து மடங்குக் குறைவுகூட இல்லை.

இனி இ. இந்தக் குறிப்பின் பெரும்பகுதி இதற்குத்தான்.

ஒவ்வொரு கட்டமாக நீர்க்கும்போது எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். இ-இல் வெள்ளைக் காலனிகள் அப்படியே குறைகின்றன: 58, 64, பிறகு 5, 8, கடைசியில் 0, 1. மஞ்சள் காலனிகள் மட்டும் எந்த நீர்த்தலிலும் 21-க்கும் 26-க்கும் இடையிலேயே நிற்கின்றன. மாதிரியிலிருந்து வந்தவையாக இருந்தால் 10⁻³-இல் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. எல்லாக் குழாய்களுக்கும் பொதுவானது நீர்ப்புத் திரவம் ஒன்றுதான். இ-க்குப் பயன்பட்ட இரண்டாம் பாட்டிலிலிருந்து 0.1 மிலியை மட்டும் பரப்பிய கட்டுப்பாட்டுப் பிளேட்களில் 22, 24 மஞ்சள் காலனிகள் வந்தன. தோற்றமும் அதே.

கிராம் சாயத்தில் அவை நான்கு நான்காக நிற்கும் கிராம் நேர் கோளங்கள். மைக்ரோகாக்கஸ் போலத் தெரிகிறது. தோலிலும் தூசியிலும் சாதாரணமாக இருப்பது. இனம் உறுதி செய்யப்படவில்லை.

அ, ஆ இரண்டுக்கும் முதல் பாட்டில் பயன்பட்டதாகப் பணித்தாளில் உள்ளது. அதன் கட்டுப்பாட்டுப் பிளேட்கள் 0, 0. பணித்தாளை நம்பாதவர்களுக்கும் வேறொரு சான்று உண்டு: அ-வின் 10⁻⁴ பிளேட்களில் ஒரு மஞ்சள் காலனிகூட இல்லை. இரண்டாம் பாட்டில் அங்கே போயிருந்தால், 15-உம் 19-உம் மட்டுமே இருந்த பிளேட்களில் கூடுதலாக இருபது மஞ்சள் கண்ணில் படாமல் போயிருக்காது.

மாசு எப்படி வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு பாட்டில்களும் ஒரே ஆட்டோகிளேவ் சுற்றில் 121 °C-ல் 15 நிமிடம் கிருமிநீக்கம் ஆனவை. முதல் பாட்டில் சுத்தமாக இருப்பதால் கிருமிநீக்கம் தவறியிருக்கும் வாய்ப்பு குறைவு. இரண்டாம் பாட்டிலின் லேபிளில் திறந்த தேதி மார்ச் 9 என்று இருக்கிறது. அன்று திறந்து, இரவு முழுவதும் அறை வெப்பநிலையில் இருந்து, மறுநாள் பயன்பட்டிருக்கிறது. திறந்தபோது உள்ளே போன சில செல்கள் இரவில் பெருகியிருக்கலாம் என்பதே எங்கள் ஊகம். யாருடைய கை என்று சொல்ல ஆதாரமில்லை, தேடவும் இல்லை. திறந்த பாட்டிலை அன்றே கொட்டிவிட வேண்டும் என்ற விதி இனி எழுத்தில் இருக்கும்.

இ-க்கு ஓர் எண் கொடுங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். இதே பிளேட்களிலிருந்து மூன்று எண்கள் எடுக்க முடியும், சிக்கலே அதுதான். 10⁻¹-இன் வெள்ளைக் காலனிகளை மட்டும் எடுத்தால் மிலிக்கு 6.1 × 10³. அதே பிளேட்களில் மஞ்சளையும் சேர்த்தால் 8.4 × 10³. 28-ஐயும் விடாமல் நான்கு பிளேட்களையும் கண்ணை மூடிக்கொண்டு சூத்திரத்தில் போட்டால் 1.0 × 10⁴; உங்கள் கவன வரம்பான 10,000-இல் சரியாக வந்து நிற்கிறது. என் கணிப்பில் உண்மை முதல் எண்ணுக்கு அருகில்தான் இருக்கும். மொத்தத்திலிருந்து திரவத்தின் பங்கைக் கழித்துப் பார்த்தாலும் 6.3 × 10³ வருகிறது. ஆனால் மாதிரியிலேயே சில மஞ்சள் காலனிகள் இருந்தனவா என்பதை இந்தப் பிளேட்கள் பிரித்துச் சொல்லாது. ஒரு பிளேட்டில் நாலைந்து காலனி கூடுவதும் குறைவதும் இயல்பான சிதறல்தான், அதற்குள் அவை மறைந்துவிடும். எனவே 6.1 × 10³ என்பதைப் பதிவேட்டில் "மதிப்பீடு, மாசுற்ற நீர்ப்புத் திரவம்" என்ற குறிப்போடு மட்டுமே எழுதியிருக்கிறோம். தேர்ச்சி என்றும் எழுதவில்லை, தோல்வி என்றும் எழுதவில்லை.

மீதமிருந்த மாதிரியை எண்ணிய நாளன்றே மறுபடி சோதித்திருக்கலாமே என்றால், அது அதற்குள் மூன்று நாள் பழையதாகிவிட்டது. இருப்பில் உள்ள நீரில் எண்ணிக்கை ஏறவும் இறங்கவும் செய்யும். அதை வைத்து இதைத் திருத்த முடியாது.

மற்றக் கட்டுப்பாடுகள்: எதுவும் இடாத அகார் பிளேட்கள் இரண்டும் சுத்தம். மேசையில் 20 நிமிடம் திறந்து வைத்த காற்றுப் பிளேட்டில் பூஞ்சைக் காலனி ஒன்று. அ-வின் ஓரத்தில் வந்ததும் இதைப் போலவே இருக்கிறது.

இந்த எண்ணிக்கை பொதுவான காற்றுவாழ் பாக்டீரியாக்களுக்கானது. லெஜியோனெல்லா இந்த அகாரில் வளராது. அதற்குத் தனி ஊடகமும் தனிச் சோதனையும் வேண்டும். அ-வின் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்திருக்கும்போது அந்தச் சோதனையையும் சேர்த்தே கேட்பது நல்லது.

இ-க்கான புது மாதிரியை மார்ச் 17 காலையில் எடுங்கள். அன்றே பிளேட்டில் இடுவோம். இம்முறை நீர்க்காத 0.1 மிலியையும் பரப்புவோம், மஞ்சள் காலனி நிரப்புநீரில் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பாட்டில்கள் ஆய்வக வரவேற்பில் தயாராக இருக்கின்றன. உள்ளே தயோசல்பேட் இருப்பதால் நீர் பிடிக்கும் முன் அலச வேண்டாம்.