அரை டிக்கெட்

எங்க வீட்ல என் பேர் ஓசி. பத்திரிகையில கவிதான்னு போட்டிருந்தாலும் ஏற்காட்டுல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் ஓசிக்குத்தானே கல்யாணம்னுதான் சொல்லுவாங்க. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே அப்பா போய்ட்டாரு, அம்மா மாமா வீட்டுக்கு வந்துட்டாங்க, எஸ்டேட்ல காபி பழம் எடுக்குற சம்பளத்துல மாமா அத்தனை பேருக்கும் சோறு போட்டாரு. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அந்தப் பேருக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான். அதனாலதான் ரெண்டாவது தடவ சோறு கேட்க மாட்டேன், வேலைக்குப் போன மொத மாசத்துலருந்து பாதி சம்பளத்தை அத்தை கையில குடுத்துருவேன்.

அஸ்தம்பட்டி மண்டபத்துல தாய்மாமன் சீர் தட்டு வரிசையா வந்துட்டு இருக்கு. வயசான ஒருத்தர், மாமாவுக்குத் தெரிஞ்சவராம், ஏற்காடு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, மேடையேறி வந்து என்னை உத்துப் பாத்துட்டு "இதுதானா அந்த அரை டிக்கெட்டு?"ன்னாரு.

எனக்கு ஒன்னும் புரியல.

"நீ பொறந்து பெரியாஸ்பத்திரியிலருந்து மலைக்கு வர்றீங்க கண்ணு. உங்க மாமன் உனக்கும் ஒரு டிக்கெட் குடுங்குறான். கைக்குழந்தைக்கு ஏதுய்யா டிக்கெட்டு, ஓசிதான்னேன். அவனுக்கு வந்துச்சே கோவம்! எங்க வீட்டுக்கு மொத மொத வர்ற மகாலட்சுமி, ஓசியில வரமாட்டா, அரை டிக்கெட்டாவது கிழின்னு அடிவாரத்துல ஆரம்பிச்சவன் விடவே இல்ல. கடைசில கிழிச்சுக் குடுத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அந்த டிக்கெட்டை ஒசத்திப் புடிச்சுட்டே வந்தான், பஸ்ஸே சிரிச்சுச்சு. எறங்கும்போது எல்லாரும் ஓசி வந்தாச்சு, ஓசி வந்தாச்சுன்னு அவனைத்தான் கிண்டல் பண்ணாங்க, பேரு உனக்கு ஒட்டிக்கிச்சு."

சுத்தி நின்ன சொந்தமெல்லாம் சிரிக்குது, அவங்களுக்கெல்லாம் இது தெரிஞ்ச கதைதான் போல. இருபத்தாறு வருசமா எனக்கும் தெரியும்னே நெனச்சிருக்காங்க.

மாமா கீழ சீர் தட்டுல பூவும் பழமும் சரிபண்ணிட்டு இருந்தாரு, தலை முக்காவாசி நரைச்சுப் போச்சு, சட்டை புதுசு, பட்டன் ஒன்னு மாத்திப் போட்டிருந்தாரு. நான் கூப்பிட்டேன், மேல வந்தாரு.

"மாமா, இந்த டிக்கெட் கதைய ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"அது ஊருக்கே தெரியுமே சாமி. ஏன், ஓசின்னா என்னன்னு நெனச்ச நீ?"

அவர் மூஞ்சியப் பாத்தேன். அதை மட்டும் அவர்கிட்ட சொல்லவே முடியாது.

"ஒன்னுமில்ல மாமா, குனிங்க"ன்னு சொல்லி அந்தப் பட்டனை அவுத்து சரியாப் போட்டு விட்டேன். கை நடுங்குச்சு.

"ஏய் ஓசி, அழாத, மை கலையுது பாரு"ன்னாரு.

"சரிங்க மாமா"ன்னேன்.