சாமித் தட்டும் தாயத்தும்: மலையகத்து லயத்தில் சமயப் பொருட்களின் வாழ்க்கை

இலங்கை மலையகத் தமிழரின் சமயம் என்றதும் தேர், தீமிதிப்பு, தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்று ஆய்வுகள் பெரும்பாலும் கோயில் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. மிஞ்சினால் தொழிற்சாலை இயந்திரத்தைக் காக்கும் ரோதமுனி, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுமுன் கும்பிடுகிற கவ்வாத்துச் சாமி. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்குள் சாமித் தட்டாகச் சுவரில் அறைந்த பலகையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். அந்தப் பலகையையும் பிள்ளையின் இடுப்பில் கிடக்கும் தாயத்தையும் நம்பிக்கையின் அடையாளம் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி விஷயம் தப்பிப்போகும். அவை கருகுகின்றன, நைந்து அறுகின்றன, திரும்பத் திரும்பச் சரிசெய்யப்படுகின்றன. அந்தப் பராமரிப்புதான் இங்கே சமயம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பார்த்த தட்டு இரண்டு முழம்கூட இருக்காது. அதில் ஒரு மாரியம்மன் படம், முருகன் கலண்டரில் வெட்டி ஒட்டியது ஒன்று, வேளாங்கண்ணி மாதா படம், ஒரு சின்ன பித்தளை வேல். விறகடுப்புப் புகை படிந்து சட்டமெல்லாம் காப்பி நிறம், ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணி படுகிற முகப்பகுதி மட்டும் தெளிவாகத் துலங்குகிறது. குங்குமப் பொட்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து கண்ணாடியில் மேடு தட்டியிருக்கிறது. மழை மாதங்களில் படத்தாள் அலை அலையாகச் சுருங்கும், திருநீறு கட்டிபிடிக்கும், அதனால் திருநீற்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் காம்பரா அவர்களுடையதல்ல, தோட்டத்துடையது. ஆணியும் பலகையும்தான் சொந்தம். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தபோது வீட்டுச் சாமிகளும் பிரிந்தன. அந்த வேல் அப்படித் தங்கியதுதான், கப்பலேறிய நாத்தனார் விட்டுப்போனது என்கிறார் அந்த வீட்டு ஆச்சி. படங்களைத் துடைக்கும் பொறுப்பை மருமகளிடம் கொடுத்துவிட்டார், பித்தளை வேலை மட்டும் இன்னும் அவரே புளி போட்டுத் துலக்குகிறார்.

தாயத்தின் கதை வேறு. செப்புக்கூட்டுக்குள் எழுதிய தகடு, வாயில் அரக்கு. "கயிறு நைஞ்சா மாத்திக்கலாம் தம்பி, கூட்டத் தொறக்கக் கூடாது" என்றார் ஆச்சி. ஆக, கயிறு மாற்றத்தக்கது, கூடு நிலையானது, உள்ளே இருப்பது பார்க்கத்தகாதது என்று மூன்று அடுக்கு. எழுத்தை வாசிக்க ஆசைப்பட்டுத் திறக்கும் ஆய்வாளர் கையில் மிஞ்சுவது ஒரு தகடு, தாயத்து அல்ல. அதனால் நான் எதையும் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வியர்வை பட்டுச் செம்பு கறுத்த பக்கத்தையும், பிள்ளை கடித்த பல் தடத்தையும், புதுக்கயிற்றில் விழுந்த முடிச்சையுமே பதிந்தேன்.

சரி, லயத்திலிருந்து தனிவீட்டுக்குப் போனால்? அங்கே போனவர்களிடம் கேட்டபோது முதலில் வந்த பேச்சு சுவரைப் பற்றித்தான், சீமெந்தில் ஆணி இறங்கவில்லையாம். ஒரு வீட்டில் சாமி அலுமாரி மேல் ஏறியிருக்கிறது, இன்னொன்றில் குசினிக்கு வெளியே ஒரு மூலையில். புகை இல்லாததால் படம் கறுப்பதில்லை, வாராவாரம் துடைப்பதும் குறைந்திருக்கிறது. வீட்டுச் சாமிகளைப் பதிவு செய்கிறவர்கள் எந்தத் தெய்வம் என்பதோடு, கடைசியாக யார் துடைத்தார், எதைக் கொண்டு துடைத்தார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.