தரக் கட்டுப்பாட்டு மேலாளர் பணி: திருமதி கவிதா குறித்து உங்கள் கருத்தைக் கேட்டு

மதிப்பிற்குரிய சண்முகம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் உள்ள எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் பணிக்குத் திருமதி கவிதா விண்ணப்பித்திருக்கிறார். 2019 முதல் 2023 வரை உங்களிடம் வேலை செய்ததாகச் சொல்லி, ரெஃபரன்ஸாக உங்கள் பெயரை அவரே கொடுத்தார். உங்களைத் தொடர்புகொள்ள எழுத்தில் சம்மதமும் தந்திருக்கிறார்.

முதலில் ஒரு வேண்டுகோள். அவர் வேறு வேலை தேடுவது இப்போதைய நிறுவனத்துக்குத் தெரியாது. நம் ஊரில் காலையில் ஒரு யூனிட்டில் பேசியது மதியத்துக்குள் பனியன் தொழில் முழுவதும் போய்விடும். ஆகவே இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

இறுதிச் சுற்றில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரின் மேலதிகாரிகளிடமும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறோம். நேரில் பார்த்ததை எழுதுங்கள். பிறர் சொல்லிக் கேட்டது என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். 'தெரியாது' என்பதும் எங்களுக்குப் பயனுள்ள பதில்தான், அது அவருக்கு எதிராகப் போகாது.

1. அவர் எந்தப் பொறுப்பில், எந்தக் காலத்தில் இருந்தார்? நேரடியாக உங்கள் கீழா, இன்னொருவர் வழியாகவா?

2. எங்களுக்கு மிக முக்கியமான கேள்வி இது. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது, இறுதிச் சோதனை ஏ.கியூ.எல். 2.5-இல் தேறவில்லை, அல்லது சாயத்தில் ஷேடு வேறுபாடு வந்துவிட்டது. உற்பத்திப் பிரிவு 'அனுப்பிவிடலாம்' என்கிறது. இப்படி ஒரு நெருக்கடியில் அவரைப் பார்த்ததுண்டா? அவர் என்ன சொன்னார், என்ன செய்தார், கடைசியில் சரக்கு என்ன ஆயிற்று? 'கண்டிப்பானவர்', 'நல்லவர்' போன்ற சொற்களைவிட நடந்த ஒரு நிகழ்ச்சி எங்களுக்கு அதிகம் உதவும். பையரின் பெயரும் ஆர்டர் விவரமும் வேண்டாம்.

3. அவருடைய பதிவுகளை நம்ப முடிந்ததா? உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளும் கிடைத்த பிறகே புது ஊசி கொடுப்பது, அதைப் பதிவேட்டில் அன்றே ஏற்றுவது போன்ற வேலைகளை நினைத்துக் கேட்கிறேன். ஆடிட்டுக்கு முந்தைய இரவு எல்லாவற்றையும் நிரப்பும் வழக்கம் எங்கும் உண்டு, அவர் எப்படி?

4. டெய்லர்கள், செக்கிங் பெண்கள், லைன் சூப்பர்வைசர்களிடம் தவறைச் சுட்டிக்காட்டும்போது எப்படிப் பேசுவார்? தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வேலையைப் புரியவைக்க என்ன செய்தார்?

5. எந்த வேலையில் அவருக்கு உங்கள் துணை தேவைப்பட்டது? அதற்குப் பிறகு தேறினாரா?

6. இதே பொறுப்புக்கு அவரை மீண்டும் எடுப்பீர்களா? ஏன்?

அவருடைய சாதி, மதம், சொந்த ஊர், குடும்பம், குழந்தைகள், உடல்நலம் பற்றி நாங்கள் கேட்கவில்லை. தயவுசெய்து எழுதவும் வேண்டாம். மகப்பேறு விடுப்பு எடுத்திருந்தாலும் அது எங்கள் கணக்கில் வராது. இவற்றில் ஏதாவது பதிலில் இருந்தால், தேர்வுக் குழுவிடம் போகும் முன் நானே நீக்கிவிடுவேன். பழைய சம்பளமும் தேவையில்லை.

உங்கள் பதிலை நானும் தேர்வுக் குழுவில் உள்ள இருவரும் மட்டுமே படிப்போம். வாட்ஸ்அப்பில் பகிரமாட்டோம், பணியாளர் கோப்பிலும் சேர்க்கமாட்டோம். தேர்வு முடிந்து ஆறு மாதத்தில் அழித்துவிடுவோம். நீங்கள் எழுதியதைக் கவிதாவிடம் காட்டவோ, நீங்கள் சொன்னதாகச் சொல்லவோ மாட்டோம். பாதகமான தகவல் வந்தால், யார் சொன்னது என்று சொல்லாமல் அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்போம். அது அவருக்குரிய நியாயம். ஆனால் இரண்டு பேரிடம்தான் விசாரிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே அவர் ஊகிப்பதை என்னால் தடுக்க முடியாது. நீதிமன்றமோ சட்டப்படி அதிகாரம் உள்ளவரோ கேட்டால் கொடுக்க வேண்டிவரும். இந்த இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

புதன்கிழமை மாலைக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பினால் போதும். எழுதுவதைவிடப் பேசுவது எளிது என்றால் நேரத்தைச் சொல்லுங்கள், நானே அழைக்கிறேன். இருபது நிமிடம் ஆகும். உரையாடலைப் பதிவு செய்யமாட்டேன். குறிப்பெடுத்து உங்களுக்கு அனுப்புவேன், நீங்கள் திருத்திச் சரி என்ற பிறகே குழுவிடம் கொடுப்பேன். பணிக்காலத்தையும் பதவியையும் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது என்பது உங்கள் நிறுவன விதியானால், முதல் கேள்விக்கு மட்டும் பதில் தாருங்கள். மற்றவை காலியாக இருப்பதை அவருக்குக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டோம்.

மாத இறுதி ஷிப்மென்ட் வேலைகளுக்கு நடுவே தொந்தரவு தருகிறேன் என்பது தெரியும். உங்கள் நேரத்துக்கு நன்றி.

இப்படிக்கு,
ரேவதி
ஆட்சேர்ப்பு அலுவலர், மனிதவளப் பிரிவு
திருப்பூர்