குக்கர்

ஏழாம் வகுப்பு பி பிரிவில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பெயர் வந்தால் மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வரும். அப்புறம் மூன்று விசில். 'உள்ளேன் டீச்சர்' என்று அவன் சொல்வது யாருக்கும் கேட்காது.

பெயர் பென்னிகுக். திருப்பூரில் அந்தப் பெயரோடு இருப்பது லேசுப்பட்ட வேலையா? புதிதாக வரும் டீச்சர் எல்லாம் அவன் நெற்றித் திருநீறையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ கிறிஸ்டியனாப்பா?" என்பார்கள். பையன்கள் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை, குக்கர் என்று வைத்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டில் சாம்பார் சாதம் கொண்டுபோனால் அன்றைக்குத் தொலைந்தான்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "பேரை மாத்துங்கப்பா" என்று கேட்டபோது, "டேமு கட்டுன வெள்ளைக்கார இன்ஜினியர் பேருடா, தாத்தா வெச்சது, மாத்தணும்னா அவரையே கேளு" என்று சொல்லிவிட்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் என்று தெரிந்ததும் பையனுக்கு இன்னும்தான் எரிச்சல்.

கோடை விடுமுறைக்குக் கூடலூர் போனான். கம்பம் பள்ளத்தாக்கின் மேல் கோடியில் இருக்கிற கூடலூர். தாத்தாவிடம் கேட்க நினைத்து நினைத்து, பள்ளி திறக்கப்போகிற நாள்வரை வாய் வரவில்லை. ஜூன் முதல் தேதி காலையில் தாத்தாவே, "அணையில தண்ணி தொறக்குறாங்க, வாறியாய்யா?" என்று டிவிஎஸ் 50-ஐ எடுத்தார். பின்னால் உட்கார்ந்து லோயர்கேம்ப் போகும் வழியில்தான், முகம் பார்க்காமல் கேட்கிற வசதி இருந்ததாலோ என்னவோ, கேட்டுவிட்டான்.

"தாத்தா, என் பேரை மாத்தணும்."

தாத்தா பதில் சொல்லவில்லை. மணிமண்டபத்துக்கு எதிரில் வண்டியை நிறுத்தினார். உள்ளே பென்னிகுக் சிலை. கும்பிடச் சொல்வார் என்று நினைத்தான், சொல்லவில்லை. மலையைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் பெரியாறு மேற்க ஓடி கடல்ல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. இந்தப் பக்கம் நாம. தாது வருசப் பஞ்சத்துல என் பாட்டனோட அப்பா புளியங்கொட்டைய இடிச்சுத் தின்னுருக்காரு. அப்புறம் 1887-ல அணை வேலை ஆரம்பிச்சாங்க. கட்டக் கட்ட வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போகுது, மறுபடி கட்டுறாங்க. மலையைக் குடைஞ்சு தண்ணிய இந்தப் பக்கம் திருப்பி, 1895-ல முடிச்சாங்க."

"அவரு சொத்தை வித்துக் கட்டுனாருன்னு சித்தப்பா சொன்னாரே?"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அதுக்கு ஆதாரம் இல்லைன்னு படிச்சவுங்க சொல்றாங்க. வித்தா என்ன, விக்காட்டி என்ன? தண்ணி வந்துச்சா இல்லியா?"

கிழவரிடம் இப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவே இல்லை.

"புளியங்கொட்டை தின்னாருன்னேன்ல, அவரு அங்க சுண்ணாம்பு சுமக்கப் போனாருடா. காட்டுக் காய்ச்சல். திரும்பி வரலை. அவரு மட்டுமா, காலராவுலயும் காய்ச்சல்லயும் எத்தனையோ பேரு. அணைக்கிட்ட சமாதி இருக்கு, ஆனா சுண்ணாம்பு தூக்குனவன் பேரை எவன் எழுதி வெச்சான்?"

"அந்தத் தாத்தா பேரு என்ன?"

"தெரியலையே. எங்கப்பாவுக்கே தெரியாது. பாட்டன் பால்குடி மறக்காத வயசுல போனவரு." தாத்தா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பொறந்தப்ப அவரு பேரைத்தான் வைக்கணும்னு இருந்தேன். தெரிஞ்சாத்தான வைக்கிறது? அந்த வேலையில எனக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணுதான், அதை வெச்சேன். மாத்தணும்னா மாத்திக்கய்யா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அதற்குள் ஆற்றுப் பக்கம் ஒரே சத்தம். தண்ணீர் வந்துவிட்டது. செம்மண் நிறத்தில், குப்பை கூளத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்தது. முதல் போக நெல்லுக்கான தண்ணீர். பெண்கள் பூவை வீசினார்கள். கூட்டத்தில் யாரோ ஓர் அம்மா, "ஏலே பென்னிகுக், கரைக்குப் போகாத!" என்று கத்த, இவன் சட்டென்று பின்வாங்கினான். பக்கத்தில் டவுசர் போட்ட ஒரு பொடியனும் பின்வாங்கினான். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

பள்ளி திறந்த அன்று எட்டாம் வகுப்பிலும் அதே பையன்கள்தான். அதே 'உஸ்ஸ்ஸ்', அதே மூன்று விசில். இடைவேளையில் கார்த்தி தோளில் கை போட்டு, "குக்கர், லீவுல எங்கடா போன?" என்றான்.

இவன் சொன்னான். பஞ்சம், சுரங்கம், சுண்ணாம்பு, காய்ச்சல் எல்லாம், கோர்வையில்லாமல், மணி அடிக்கும்வரை.

கார்த்தி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உங்க ஊர்ல நிறைய குக்கர் இருக்குமாடா?" என்றான்.

"எங்க தெருவுலயே மூணு."