திரும்பி வரும் பெட்டி: இறுதிச் சுற்று உரை

நடுவர்களுக்கு வணக்கம்.

(மடக்கிய பெட்டியை உயர்த்திக் காட்டி, விரித்து மேசையில் வைத்து)

உதிரிபாக மொத்த வியாபாரியிடமிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் அட்டைப்பெட்டிக்கு மாற்று இது. டேப்போடு சேர்த்து அட்டைப்பெட்டி 18 ரூபாய், ஒருமுறைதான் உதவும். எங்கள் வாடகை ஒரு நடைக்கு 12 ரூபாய். சரக்கு இறக்கிய வேனே காலிப்பெட்டியை மடக்கி எடுத்து வரும். வீட்டு டெலிவரிக்கு இது சரிப்படாது, திரும்ப எடுக்கும் செலவே விழுங்கிவிடும்.

தயாரிப்புச் செலவு 240 ரூபாய், ஆயுள் 100 நடை. ஆகத் தேய்மானம் 2.40. முதலில் போவது இந்தக் கீல் ஊசி. பாருங்கள், கையாலேயே உருவி மாற்றலாம். ஊசி, சுத்தம், ஸ்கேனிங் எல்லாம் சேர்த்து 2 ரூபாய்.

உண்மையான எதிரி தொலைந்துபோவது. 8 வார சோதனையில் 50 பெட்டிகள், 1,200 நடை, 18 காணாமல் போயின: 1.5%. நடைக்கு 3.60 ரூபாய். மொத்தச் செலவு 8, மிச்சம் 4. இழப்பு 3% ஆனால் மிச்சம் வெறும் 40 காசு! அதனால்தான் பெட்டிக்கு 100 ரூபாய் முன்பணம் வாங்கப்போகிறோம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

1,000 பெட்டி, வாரம் 3 நடை, 50 வாரம்: மிச்சம் 6 லட்சம். நிலையான செலவு 3.6 லட்சம் போக 2.4 லட்சம் நிற்கும்.

கேட்பது 3 லட்சம்: பெட்டிகளுக்கு 2.4, முதல் இரண்டு மாத நிலையான செலவுக்கு 0.6. கேள்விகளுக்குத் தயார்.